அம்மாவின் மறுமணத்தில் மகளோ மகனோ பேசும் இரண்டு நிமிடப் பேச்சு: முழுமையான வழிகாட்டி

13 முதல் 19 வயதுக்குள் இருக்கும் ஒருவர், அம்மா அல்லது அப்பாவின் மறுமணத்தன்று உறவினர் முன்னால் எழுந்து நின்று பேச வேண்டியிருந்தால், அதை எப்படித் தயாரிப்பது என்று இங்கே வரிசையாகச் சொல்லியிருக்கிறது. மனதில் முழு மகிழ்ச்சி மட்டும் இல்லை, பயமோ வருத்தமோ கலந்திருக்கிறது, ஆனாலும் வருபவரை மனதார வரவேற்க விரும்புகிறீர்கள் என்றால் இது உங்களுக்கானது.

விளக்கத்துக்காக ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மதுரையில் பிளஸ் ஒன் படிக்கும் பெண். அப்பா இறந்து 5 ஆண்டுகள் ஆகின்றன. அம்மா மறுமணம் செய்கிறார். வருபவருக்கு எட்டாம் வகுப்புப் படிக்கும் மகன் இருக்கிறான். காலையில் கோயிலில் தாலி கட்டு, மதியம் சிறிய மண்டபத்தில் 60 பேருக்குச் சாப்பாடு. அப்பாவைப் பெற்ற தாத்தாவும் அப்பத்தாவும் வருகிறார்கள்.

1. எழுதுவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை

முதலில், பேச உங்களுக்கு விருப்பமா என்று உங்களையே கேளுங்கள். பெரியவர்கள் ஆசைப்பட்டுக் கேட்பார்கள், மறுத்தால் கல்யாணத்தையே எதிர்ப்பதாக நினைப்பார்களோ என்று தலையாட்டிவிடுவோம். அப்படி ஒப்புக்கொண்ட பேச்சு மேடையில் காட்டிக்கொடுத்துவிடும். முகம் ஒன்று சொல்லும், வாய் வேறொன்று சொல்லும். ஆகவே ‘அன்று காலையில் முடியாது என்று தோன்றினால் பேச மாட்டேன், யாரும் கேள்வி கேட்கக் கூடாது’ என்று அம்மாவிடம் இப்போதே சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். பின்வாங்க வழி இருக்கிறது என்று தெரிந்தாலே பாதிப் பதற்றம் குறைந்துவிடும்.

அடுத்து, வருபவரை என்ன சொல்லி அழைப்பது என்பதை முடிவு செய்யுங்கள். பேச்சில் நான்கைந்து இடங்களில் அந்தச் சொல் வரும். வீட்டில் ‘அங்கிள்’ என்று கூப்பிட்டுவிட்டு மேடையில் மட்டும் ‘அப்பா’ என்றால் கேட்பவர்கள் கைதட்டுவார்கள், ஆனால் மறுநாள் காலையில் எப்படிக் கூப்பிடுவது என்று நீங்கள் இருவரும் தடுமாறுவீர்கள். அப்பாவின் மறுமணமாக இருந்து, வருபவரை ‘சித்தி’ என்று சொல்லலாமா என்ற கேள்வி எழுந்தால், அவரிடமே நேரில் கேட்டுவிடுங்கள். சிலருக்கு அந்தச் சொல் இயல்பாக இருக்கும், சிலரைச் சுடும். இன்று வீட்டில் எதைச் சொல்கிறீர்களோ, அதையே மேடையிலும் சொல்வதுதான் பாதுகாப்பு.

மூன்றாவதாக, முன்வரிசையில் யார் இருப்பார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நம் எடுத்துக்காட்டில் தாத்தா, அப்பத்தா இருவருக்கும் அது மகன் இல்லாத கல்யாண வீடு. அந்தச் சிறுவனுக்கும் இது புதிய வீடு. இந்த மூன்று பேரையும் மனதில் வைத்துக்கொண்டால் எந்த வரி யாரைக் காயப்படுத்தும் என்பது எழுதும்போதே தெரியும்.

2. மனதில் இருப்பதை மூன்றாகப் பிரிப்பது

ஒரு தாளில் இந்தக் கல்யாணத்தைப் பற்றித் தோன்றும் எல்லாவற்றையும் எழுதுங்கள். யாருக்கும் காட்டப் போவதில்லை, அதனால் அடக்க வேண்டாம். பொறாமை, கோபம், நிம்மதி, வெட்கம், அப்பாவுக்குத் துரோகம் செய்கிறோமோ என்ற உறுத்தல், பள்ளியில் என்ன சொல்வார்களோ என்ற கவலை, எல்லாம் வரட்டும். நேரடியாகப் பேச்சையே எழுத உட்காருபவர்கள் இரண்டு வழியில் தவறுகிறார்கள். ஒன்று, முழுக்க இனிப்பாக எழுதிவிடுகிறார்கள். இல்லாவிட்டால் அடக்கி வைத்தது பாதியில் பீறிட்டு வந்துவிடுகிறது. தனித் தாளில் கொட்டிய பிறகு எழுதினால் இரண்டும் நடக்காது.

பிறகு ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் மூன்றில் ஒரு குறி போடுங்கள்: மேடை, அம்மா, எனக்கு மட்டும்.

மேடைக்குப் போகத் தகுந்தது எது என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. அந்த வரி உங்கள் நிலையைச் சொல்கிறதா, அடுத்தவரைப் பற்றித் தீர்ப்பு சொல்கிறதா என்று பாருங்கள். ‘எனக்குப் பயமாக இருந்தது’ என்பது உங்கள் நிலை. ‘அம்மா என்னைக் கேட்காமலே முடிவு செய்துவிட்டார்’ என்பது தீர்ப்பு. முதலாவதைச் சபையில் சொன்னால் உங்களைப் புரிந்துகொள்வார்கள். இரண்டாவதைச் சொன்னால் அம்மா அந்த இடத்திலேயே பதில் சொல்ல முடியாத குற்றவாளி ஆகிறார். உண்மையாகவே இருந்தாலும் அது அம்மாவிடம் தனியாகச் சொல்ல வேண்டியது.

மேடைக்கென்று குறித்தவற்றில் கலவையான உணர்வு ஒன்றே ஒன்று போதும். பயம், வருத்தம், உறுத்தல் மூன்றையும் அடுக்கினால் பேச்சு முறையீடாக மாறிவிடும். எது உங்களை அதிக நாள் தூங்கவிடாமல் செய்ததோ, அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

3. மேடைக்கு முன்பே வீட்டில் சொல்லிவிடுவது

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால், இதைக் கடைப்பிடியுங்கள். உங்கள் மனக்கலக்கத்தை அம்மா முதன்முதலாகக் கேட்கும் இடம் மண்டபமாக இருக்கக் கூடாது.

ஏற்கெனவே தெரிந்த ஒன்றை ஊரறியச் சொல்லும்போது அம்மாவுக்கு அது துணிச்சலாகத் தெரியும், பெருமையாகக்கூட இருக்கும். தெரியாத ஒன்றை அங்கே கேட்டால் மாலையும் கழுத்துமாக நிற்பவர் நிலைகுலைந்துவிடுவார். ஒரே வாக்கியம்தான், கேட்கும் நேரம்தான் வேறு.

கல்யாணத்துக்குக் குறைந்தது ஒரு வாரம் முன்பு, இருவரும் மட்டும் இருக்கும் வேளையில் சொல்லுங்கள். முகம் பார்த்துச் சொல்லக் கூச்சமாக இருந்தால் காய் நறுக்கும்போதோ துணி மடிக்கும்போதோ பேச்சை எடுங்கள். கைக்கு வேலை இருந்தால் வாய் எளிதாகத் திறக்கும். ‘மேடையில் இதைச் சொல்லப் போறேன்மா, உனக்குச் சரியா?’ என்று அந்த வரியை அப்படியே படித்துக் காட்டுங்கள். அம்மா அழலாம். அழுதாலும் அது நல்லதுக்குத்தான், அன்று அழ வேண்டியதில் பாதி இங்கேயே முடிந்துவிடும்.

அப்பாவைக் குறிப்பிடப் போவதாக இருந்தால் தாத்தா, அப்பத்தாவிடமும், வருபவரிடமும் சொல்லிவிடுங்கள். முழுப் பேச்சையும் காட்ட வேண்டியதில்லை. ‘அப்பாவைப் பத்தி ஒரு வரி வரும்’ என்றால் போதும். அவர்கள் முகத்தை அதற்குத் தயார்படுத்திக்கொள்வார்கள்.

4. நிகழ்ச்சியில் எந்த இடத்தில் பேசுவது

முகூர்த்த நேரத்தில் வேண்டாம். மேளம் இருக்கும், ஐயர் அவசரத்தில் இருப்பார். மேலும், மங்கல நேரத்தில் இறந்தவர் பெயரை எடுக்கிறாளே என்று முணுமுணுக்க ஒருவராவது இருப்பார். அந்த முணுமுணுப்போடு நீங்கள் மோத வேண்டியதில்லை. அப்பாவின் படத்துக்குக் காலையில் வீட்டிலேயே விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு வாருங்கள். பேச்சை மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன் வையுங்கள். எல்லாரும் உட்கார்ந்திருப்பார்கள், பேச்சு முடிந்ததும் பந்திக்கு எழுந்துவிடலாம், கனத்த மௌனம் நீளாது.

சுயமரியாதைத் திருமணமாக இருந்தால் வாழ்த்துரைகளுக்கென்றே நேரம் இருக்கும். அங்கே ஆபத்து வேறு. நான்கு பெரியவர்கள் ஆளுக்குப் பத்து நிமிடம் பேசிய பிறகு உங்கள் முறை வந்தால் குரலே எழும்பாது. உறுதிமொழியும் மாலை மாற்றுவதும் முடிந்தவுடன் முதல் ஆளாகப் பேச இடம் கேளுங்கள். பதிவு அலுவலகத்தில் மட்டும் திருமணம் என்றால் அங்கே நின்று பேச வசதி இருக்காது. 18 வயது ஆகாதவர் சாட்சிக் கையெழுத்தும் போட முடியாது. அதன் பிறகு சேர்ந்து சாப்பிடும் இடத்தில் பேசிக்கொள்ளலாம்.

5. பேச்சின் வரிசை

இரண்டு நிமிடம் போதும், அதிகம் போனால் இரண்டரை. கூட்டத்தின் முன் நிதானமாகப் பேசும்போது நிமிடத்துக்கு 80 முதல் 100 சொற்கள் வரும். ஆகவே எழுதுவது 200 சொற்களைத் தாண்டக் கூடாது. குரல் கம்மினால் நின்று மூச்சு வாங்கவும் நேரம் வேண்டும்.

முதலில் வணக்கமும் நீங்கள் யார் என்பதும், ஒரே வரியில். மாப்பிள்ளை வீட்டாரில் பாதிப் பேருக்கு உங்களைத் தெரியாது. அடுத்ததாகவே உங்கள் கலக்கத்தைச் சொல்லிவிடுங்கள். இதைக் கடைசிக்கு ஒதுக்கினால் கூட்டம் அதையேதான் எடுத்துக்கொண்டு போகும். தொடக்கத்தில் சொன்னால், பின்னால் வரும் வரவேற்பு அதைத் தாண்டி வந்த வரவேற்பாக ஒலிக்கும்.

மூன்றாவது, இறந்தவரைப் பற்றி இரண்டு மூன்று சிறிய வாக்கியங்கள். அவர் எப்படிப்பட்டவர் என்று விவரிக்கத் தொடங்கினால் நிறுத்த முடியாது, பக்கத்தில் நிற்பவரோடு ஒப்பிடுவதாகவும் ஆகிவிடும். நினைத்துக்கொண்டோம் என்று சொல்வதோடு சரி.

நான்காவது, வருபவரிடம் நீங்கள் கண்ணால் பார்த்த ஒரு செயல். ‘நல்லவர், அன்பானவர்’ என்ற சொற்களை யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். நீங்கள் அந்த வீட்டில் இருந்து பார்த்த ஒன்றை நீங்கள் மட்டுமே சொல்ல முடியும். அது சின்னதாக இருக்க இருக்க நம்பகமாக இருக்கும். அப்படி ஒன்றும் நினைவுக்கு வரவில்லை என்றால் பொய்யாக உண்டாக்காதீர்கள். ‘இன்னும் சரியாப் பழகல, இனிமேதான் தெரிஞ்சுக்கணும்’ என்பதும் மரியாதையான வாக்கியம்தான்.

கடைசியாக, அவரோடு வரும் பிள்ளைக்கு ஒரு வார்த்தை, அம்மாவுக்கு ஒரு வார்த்தை, பிறகு நேரடியான வரவேற்பு. வரவேற்போடு நீங்கள் நிச்சயம் செய்யக்கூடிய ஒரு சிறிய காரியத்தையும் சேருங்கள். பெரிய வாக்குறுதி அடுத்த மாதமே உங்களுக்குச் சுமையாகிவிடும்.

6. முழுப் பேச்சு: எடுத்துக்காட்டு

எழுத்துத் தமிழில் எழுதாதீர்கள். ‘அவையோரே’ என்று தொடங்கினால் பேச்சுப்போட்டி குரல் தானாக வந்துவிடும், அந்தக் குரலில் உண்மை சொல்ல முடியாது. வீட்டில் பேசுவது போலவே எழுதுங்கள்.

> எல்லாருக்கும் வணக்கம். நான் அம்மாவோட பொண்ணு, பிளஸ் ஒன் படிக்கிறேன். ரெண்டே நிமிஷம் பேசுறேன்.
>
> இந்தக் கல்யாணத்தப் பத்தி அம்மா மொதல்ல சொன்னப்ப நான் ஒரு வாரம் சரியாப் பேசல. கோவம்னு அம்மா நெனச்சாங்க. கோவம் இல்ல, பயம். நானும் அம்மாவும் மட்டும் இருந்து பழகின வீடு மாறிடுமேன்னு பயம். அது இன்னிக்கு முழுசாப் போயிருச்சுன்னு சொன்னா பொய். கொஞ்சம் இருக்கு. ஆனா நல்லாக் கொறஞ்சிருக்கு.
>
> காலைல அப்பாவக் கும்பிட்டுட்டுத்தான் வந்தேன். தாத்தா, அப்பத்தா, நீங்க ரெண்டு பேரும் வந்தது எனக்குப் பெரிய தைரியம்.
>
> அங்கிளப் பத்தி ஒண்ணு மட்டும் சொல்றேன். எனக்குக் காலாண்டுப் பரீட்சை நடந்தப்ப ஒரு நாள் வீட்டுக்கு வந்தாரு. நான் ஹால்ல உக்காந்து படிச்சிட்டிருந்தேன். அவரு உள்ள வரல. அம்மாவோட வாசப்படியிலயே உக்காந்து, கொசுக்கடியில, மெதுவாப் பேசிட்டுப் போயிட்டாரு. யாரும் அவர அப்படிச் செய்யச் சொல்லல.
>
> தம்பி, உனக்கும் இது புதுசுதான். என் மேசைல பாதி உனக்கு. நான் தூங்குறப்ப மட்டும் லைட்டப் போட்டுறாத.
>
> அம்மா, இப்பல்லாம் நீ சமைக்கிறப்ப பாடுற. எனக்குக் கேக்குது. எனக்குப் பிடிச்சிருக்கு.
>
> அங்கிள், எங்க வீட்டுக்கு வாங்க. பழகிக்க எனக்குக் கொஞ்ச நாள் ஆகும், பொறுத்துக்கங்க. ஞாயித்துக்கிழமை காலைல நாலு பேரும் சேந்து சாப்பிடலாம். மொத வாரம் தோசை நான் ஊத்துறேன்.
>
> எல்லாரும் சாப்பிட வாங்க. நன்றி.

பயத்தைச் சொன்ன வரிக்கு அடுத்தே ‘நல்லாக் கொறஞ்சிருக்கு’ என்று வருவதைக் கவனியுங்கள். முழுசாகப் போய்விட்டது என்று சொல்லியிருந்தால் அடுத்து வருவதை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். அப்பாவைப் பற்றிச் சொன்ன உடனே பார்வை தாத்தா, அப்பத்தா பக்கம் திரும்புகிறது. இதனால் துக்கத்தில் தனியாக நிற்காமல் உயிரோடு இருப்பவர்களிடம் பேச்சு நகர்ந்துவிடுகிறது. மேசை, விளக்கு என்று தம்பியிடம் சொல்வது கூட்டத்தைச் சிரிக்க வைக்கும். அப்பாவின் வரிக்குப் பிறகு அந்தச் சிரிப்பு எல்லாருக்கும் தேவைப்படும்.

7. எழுதியதும் தேடி அடிக்க வேண்டிய வரிகள்

‘எங்க அம்மாவ நல்லாப் பாத்துக்கங்க.’ அநேகமாக எல்லா முதல் வரைவிலும் இது வந்துவிடும். பாசத்தில்தான் எழுதுகிறோம். ஆனால் இத்தனை ஆண்டுகள் தன் சம்பாத்தியத்தில் வீட்டை நடத்தியவரை யாரோ பார்த்துக்கொள்ள வேண்டியவராக அது காட்டுகிறது. உங்களையும் பொறுப்பை ஒப்படைக்கும் பெரியவர் இடத்தில் நிறுத்துகிறது. உங்களுக்கு அந்தப் பாரம் வேண்டாம்.

‘எனக்காக அம்மா தன் வாழ்க்கையையே தியாகம் பண்ணினாங்க.’ இதுவும் அப்படித்தான். இதைச் சொன்னால் கல்யாணம் என்பது நீங்கள் தடையாக இருந்ததற்கு ஈடு என்ற பொருள் வந்துவிடும். அம்மாவை உறவினர் பரிதாபமாகப் பார்ப்பார்கள். அவருக்கு அன்று பரிதாபம் தேவையில்லை.

‘இனிமே நீங்கதான் என் அப்பா.’ மனதில் உண்மையாகவே அப்படி இருந்தால்கூட, அப்பத்தா முன்வரிசையில் இருக்கும்போது சபையில் சொல்லாதீர்கள். அவரிடம் தனியாகச் சொல்லுங்கள், அங்கே அதன் மதிப்பு இன்னும் கூடும்.

‘சில பேரு என்னென்னமோ பேசினாங்க’ என்று ஊர் வாயைக் குத்தும் வரியும் வேண்டாம். பேசியவர்கள் உங்கள் எதிரில்தான் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு நிமிடத்தில் அவர்களுக்கு ஏன் இடம் கொடுக்க வேண்டும்? பழமொழி, குறள், இணையத்தில் எடுத்த வாசகம் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள், அவை உங்கள் குரலை மறைக்கின்றன.

8. பெற்றோர் பிரிந்த குடும்பமானால்

மேலே உள்ள வரிசையில் மூன்றாவது பகுதி மட்டும் மாறும். இறந்தவரைப் பற்றி ஒரு சிறிய நினைவு பொருந்தும். உயிரோடு வேறு வீட்டில் இருப்பவரைப் பற்றி, நல்லதோ கெட்டதோ, எதுவும் பேசாமல் விடுவதே சரி. நீங்கள் நல்லதாகச் சொன்னால் அம்மாவுக்கு இடிக்கும், குறையாகச் சொன்னால் யாராவது படமெடுத்து அப்பாவுக்கே அனுப்பிவிடுவார்கள். இடையில் சிக்குவது நீங்கள்தான்.

அவரைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் இருப்பது துரோகமாகத் தோன்றினால், முந்தின நாள் அவருக்குப் போன் செய்து ‘நாளைக்கு நான் பேசப் போறேன்ப்பா’ என்று நீங்களே சொல்லிவிடுங்கள். சபையில் சொல்லியிருக்கக்கூடிய எதையும்விட அது அவருக்குப் போய்ச் சேரும்.

9. பயிற்சி

மனப்பாடம் செய்யாதீர்கள். மனப்பாடத்தில் ஒரு வரி விட்டுப்போனால் அடுத்தது வராது, உணர்ச்சி பொங்கும்போது விட்டுப்போகத்தான் செய்யும். கெட்டியான இரண்டு அட்டைகளில் பெரிய எழுத்தில், வரிக்கு ஒரு வாக்கியமாக எழுதிக்கொள்ளுங்கள். போனைப் பார்த்துப் படிப்பது வேண்டாம். திரை அணையும், நடுவில் அழைப்பு வரும். மெல்லிய தாள் கை நடுக்கத்தைப் பெரிதாகக் காட்டும்.

நின்றுகொண்டு, சத்தமாக, கடிகாரம் வைத்து நாளுக்கு ஒரு முறை என மூன்று நாள் படியுங்கள். எந்த வரியில் குரல் உடைகிறதோ அதன் ஓரத்தில் கோடு போடுங்கள். பெரும்பாலும் ஒரே இடம்தான் இருக்கும். அந்த வரியை இன்னும் சிறிதாக்குங்கள், அதற்கு முன்னால் ‘மூச்சு’ என்று எழுதிவையுங்கள். நீளமான வாக்கியத்தின் நடுவில் குரல் உடைந்தால் மீள்வது கடினம். ஐந்து சொல் வாக்கியமென்றால் முடித்துவிட்டு நிற்கலாம்.

ஒரு பிரதியை நீங்கள் நம்பும் ஒருவரிடம், மாமாவோ அக்காவோ, கொடுத்துவையுங்கள். உங்களால் தொடர முடியாவிட்டால் அவர் பக்கத்தில் வந்து நின்று மீதியைப் படிப்பார் என்று பேசிக்கொள்ளுங்கள்.

10. அன்றைக்கு

பேசுவதற்கு அரை மணி முன்பு ஏதாவது சாப்பிடுங்கள். கல்யாண நாளில் பிள்ளைகள் காலையில் காபியோடு நின்றுவிடுகிறார்கள், வெறும் வயிற்றில் நடுக்கம் கூடும். பின்னணிப் பாட்டை நிறுத்தச் சொல்ல ஒருவரை முன்கூட்டியே நியமியுங்கள். மைக்கை வாயிலிருந்து நான்கு விரல் தள்ளிப் பிடியுங்கள். சிறிய மண்டபத்தில் எதிரொலி இருக்கும், வாக்கியத்துக்கு வாக்கியம் ஒரு நொடி விடுங்கள்.

கலக்கத்தைச் சொல்லும் வரியில் அம்மாவின் கண்ணைப் பார்க்காதீர்கள், இருவரும் உடைந்துவிடுவீர்கள். கூட்டத்தின் பின்வரிசையைப் பாருங்கள். அவர் பாடுவதைச் சொல்லும் வரியில் அவரையே பாருங்கள்.

முடிந்ததும் கட்டிப்பிடிக்கச் சொல்லியும் காலில் விழச் சொல்லியும் படம் எடுப்பவரும் அத்தைமாரும் கூப்பிடுவார்கள். எதைச் செய்வீர்கள், எதைச் செய்ய மாட்டீர்கள் என்று நீங்களும் வருபவரும் முன்னரே பேசிவைத்துக்கொள்ளுங்கள். கைகுலுக்கலோ கும்பிடோ போதும் என்று முடிவானால், அவரே கையை நீட்டிவிட்டால் யாரும் வற்புறுத்த மாட்டார்கள்.

வீடியோவை யாரும் ஸ்டேட்டஸில் போட வேண்டாம் என்று மைக்கைக் கொடுக்கும் பெரியவரே உங்களுக்கு முன் சொல்லிவிடட்டும். நீங்களே சொன்னால் பேச்சின் தொடக்கம் கெடும். படம் எடுத்தவரிடம் ஒரு பிரதி வாங்கி அம்மாவிடம் கொடுங்கள். யாருக்கு அனுப்பலாம் என்பதைச் சில நாள் கழித்து அம்மாவும் நீங்களும் சேர்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.